பாம்புக்கடிக்குப் பின் தட்டணு இறங்கினால் தட்டணு ஏற்ற வேண்டுமா?

"என் தம்பிக்கு 34 வயது. திருவாடானை பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும்போது கண்ணாடி விரியன் காலில் கடித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து 10 பாட்டில் விஷமுறிவு மருந்து போட்டார்கள். மறுநாளே ரத்தம் சரியாக உறைகிறது என்றார்கள். இன்று நாலாம் நாள். தட்டணு 24,000, கிரியாட்டினின் 5.8. நேற்றிலிருந்து சிறுநீர் ஒரு டம்ளர்கூட வரவில்லை. சிவப்பணு உடைந்து கிடக்கிறதாம். தட்டணு ஏற்ற ஆள் தேடட்டுமா? மதுரைக்குக் கொண்டுபோகட்டுமா?"

தட்டணுவுக்கு ஆள் தேடி அலையாதீர்கள் அம்மா. ரத்தக்கசிவு இல்லாதவரை அது வேண்டியதில்லை. டயாலிசிஸ்தான் அவசரம், அதற்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

விரியன் விஷம் முதலில் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அதற்காகத்தான் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தம்பிக்கு மறுநாளே அது சரியாகிவிட்டது. அதன் பிறகும் தட்டணு இறங்குகிறது, சிறுநீர் நிற்கிறது என்றால் நடப்பது வேறு. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் காயப்பட்டு, அங்கே தட்டணுக்கள் ஒட்டிச் சிறு சிறு கட்டிகளாக அடைத்துக்கொள்கின்றன. அந்த இடுக்கில் நுழைந்து வரும் சிவப்பணு கிழிபடுகிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய அணுக்களுக்கு நடுவே தலைக்கவசம் போலவும் முக்கோணமாகவும் துண்டுகள் தெரியும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இப்படி இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். இந்த அடைப்பு அதிகம் பாதிப்பது சிறுநீரகத்தை. இதைத்தான் திராம்பாட்டிக் மைக்ரோஆஞ்சியோபதி என்கிறார்கள்.

ஆக, தம்பியின் தட்டணு அந்த அடைப்புகளில் செலவாகிக் குறைந்திருக்கிறது. வெளியிலிருந்து ஏற்றினால் அதுவும் அங்கேயே போய்ச் சேரலாம். ரத்தம் கசிந்தாலோ, டயாலிசிஸ் குழாய் போடும்போது தேவைப்பட்டாலோ மட்டும் டாக்டர் ஏற்றுவார். நம் ஊரில் தட்டணு என்றாலே டெங்கு நினைவுக்கு வந்து, யாராவது பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்துவிடுவார்கள். கொடுக்காதீர்கள். இளநீரும் வேண்டாம், இது மிக முக்கியம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீர் வராதவருக்கு அது வெளியேற வழியில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட வந்தாலும், சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று சொல்லித் தடுங்கள்.

ராமநாதபுரத்திலேயே டயாலிசிஸும் சிறுநீரக மருத்துவரும் உடனே கிடைத்தால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மதுரை. ஆனால் வண்டி ஏற்றும் முன் பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டியிருந்தால் அதற்குள் வழியிலேயே ஆபத்து வரலாம். முதலில் கால்சியம் ஊசி, இன்சுலினுடன் குளுக்கோஸ் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அங்கே போனதும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, தானமாக வந்த பிளாஸ்மாவை ஏற்றுவதுதான் அது. பாம்புக்கடியால் வந்த இந்த நோய்க்கு அந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தட்டணு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஏறிவிடுகிறது, சிறுநீரகத்துக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கிறது. அதனால் கடன் வாங்கி அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரு விதிவிலக்கு உண்டு. பேச்சு குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு வாரம் கடந்தும் தட்டணு ஏறத் தொடங்காவிட்டாலோ, இது டி.டி.பி. என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குப் பிளாஸ்மா மாற்றாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால், டி.டி.பி.யில் மிகவும் குறைந்துபோகும் அடாம்ட்ஸ்-13 என்ற நொதியை அளக்கும் பரிசோதனைக்குப் பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவரின் நொதியும் அதில் கலந்து, முடிவு குழம்பிவிடும். ஆனால் அந்த முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

தம்பியின் கட்டிலருகே ஒரு நோட்டு வையுங்கள். தினமும் எத்தனை மில்லி சிறுநீர், தட்டணு எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு, எந்த நாளில் டயாலிசிஸ் என்று எழுதி வாருங்கள். தட்டணு ஏறத் தொடங்கிய பிறகும் மூன்று வாரம்வரை சிறுநீர் திரும்பாவிட்டால், சிறுநீரகத்தின் வெளிப்பகுதி செத்துப்போயிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அன்று டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.