சீட் ரவுண்ட் டேர்ம் ஷீட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இன்வெஸ்டர் 2 கோடிக்கு 20% பங்கு கேக்குறாங்க. லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் 1எக்ஸ். எல்லாரும் கேக்குறதுதானே, ஓகே சொல்லிடலாமா?

பதில்: 1எக்ஸ்னா கம்பெனி விக்கும்போது இன்வெஸ்டர் போட்ட பணத்த முதல்ல எடுத்துக்குவாரு, அது சரிதான் தம்பி, ஆனா பக்கத்துல பார்ட்டிசிபேட்டிங்னு ஒட்டிருக்கான்னு பாருங்க. கம்பெனி 5 கோடிக்கு போச்சுன்னு வைங்க, நான்-பார்ட்டிசிபேட்டிங்னா அவர் போட்ட 2 கோடி, இல்ல 20% பங்கான 1 கோடி, ரெண்டுல பெருச எடுத்துக்குவாரு, மிச்சம் 3 கோடி உங்களுக்கு. பார்ட்டிசிபேட்டிங்னா அந்த 2 கோடிய எடுத்துட்டு மீதி 3 கோடிலயும் 20% கேப்பாரு, இன்னொரு 60 லட்சம் காலி. 10 கோடிக்கு மேல வித்தா முதல் வகைல அவர் ஷேரா மாத்திக்கிட்டு வெறும் 20% தான் வாங்குவாரு, ரெண்டாவதுல கேப்னு ஒரு உச்சவரம்பு போடலன்னா எவ்ளோ பெருசா வித்தாலும் ரெண்டு தடவ சாப்பாடுதான்.

கேள்வி: நாங்க கம்பெனிய மூடப்போறதே இல்லையே, இந்த கண்டிஷன் எங்களுக்கு எதுக்கு?

பதில்: லிக்விடேஷன்னா மூடுறதுன்னுதான் பேரு, ஆனா டெஃபனிஷன்ல கம்பெனிய விக்கிறது, மெர்ஜர், கண்ட்ரோல் கைமாறுறது எல்லாமே வந்துரும். நல்லா போய் நல்ல விலைக்கு வித்தாலும் இதுதான் முதல்ல ஓடும்.

கேள்வி: ஆன்டி-டைல்யூஷன் இருந்தா இன்வெஸ்டர் சதவீதம் குறையவே குறையாதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான், நிஜமா?

பதில்: பாதி நிஜம். விலை ஏறுற ரவுண்டுல அவரும் உங்களோட சேந்துதான் குறைவாரு, அடுத்த ரவுண்டுல ஷேர் விலை இறங்குனா மட்டும் இது வேல செஞ்சு அவருக்கு கூடுதல் ஷேர் குடுக்கும். மொத்தம் 10,000 ஷேர், அதுல அவர்து 2,000, ஒண்ணு 10,000 ரூபா. அடுத்த ரவுண்டுல 5,000 ரூபாய்க்கு 2,000 ஷேர் விக்கிறீங்க. ஃபுல் ராட்செட்னா அவர் வாங்குன விலையும் 5,000னு மாறி, அவர் 2,000 அப்படியே 4,000 ஆயிரும், நீங்க 80%ல இருந்து 57% கிட்ட வந்துருவீங்க. ப்ராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்னா புது ஷேர் எத்தனைன்னு பாத்து சராசரியா கொஞ்சம்தான் விலைய இறக்குவாங்க, அவர்து சுமார் 2,182 தான், உங்களுக்கு 65%க்கு மேல நிக்கும். ராட்செட்டுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. ஊழியர்களுக்கு ஈஸாப்ல குடுக்குற ஷேர இதுல இருந்து விலக்கி எழுதச் சொல்லுங்க, பலர் கோட்ட விடுறது அங்கதான்.

கேள்வி: எங்க போர்டுல நாங்க ரெண்டு பேர், அவங்க ஒருத்தர். மெஜாரிட்டி எங்க கைல, அதனால நான் போர்டு பத்துன பக்கத்த படிக்கவே இல்ல.

பதில்: படிச்சிருங்க சார். அவங்க டைரக்டர் வந்தாதான் கோரம்னு இருந்தா, அவர் வரலன்னா மீட்டிங்கே நடக்காது. தள்ளி வச்ச மீட்டிங்குக்கும் வரலன்னா இருக்குறவங்கள வச்சு நடத்தலாம்னு ஒரு வரி சேருங்க. ரிசர்வ்டு மேட்டர்ஸ் லிஸ்டையும் பாருங்க, சம்பளம், ஆள் எடுக்குறதுக்கெல்லாம் அவர் சம்மதம் வேணும்னு இருந்தா உங்க ரெண்டு ஓட்டும் சும்மா.

கேள்வி: போர்டு சீட்டுக்கு பதிலா, மீட்டிங்ல உக்காந்து பாக்குற அப்சர்வர் இடம் மட்டும் குடுத்தா?

பதில்: 20%க்கு போர்டு சீட் கேக்குறது நியாயம்னு சொல்றவங்களும் உண்டு, இந்த ஆரம்ப ரவுண்டுல அப்சர்வர் போதும்னு சொல்றவங்களும் உண்டு. நான் ரெண்டாவது பக்கம். ஆனா அப்சர்வருக்கு ஓட்டு இல்லன்னாலும் அதே ரிசர்வ்டு லிஸ்ட் இன்வெஸ்டர் பேர்ல தனியா இருக்கலாம், அதையும் பாத்துக்கோங்க.