அசைட்டிஸ் கேஸில் நான் மாட்டிக்கொண்ட இடம்

கேள்வி: "அடுத்த வாரம் ஃபைனல் இயர் மெடிசின் பிராக்டிகல். லாங் கேஸாக அசைட்டிஸ் வந்தால் சிரோசிஸ், போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் என்று எப்படி நிறுவுவது? எக்ஸாமினர் எங்கே மடக்குவார்?"

மடக்கும் இடம் நோயின் பெயரில் இல்லை. அதை நீங்கள் எப்படியும் சொல்லிவிடுவீர்கள். "சரி, இத்தனை நாள் ஓட்டியவர் இந்த வாரம் ஏன் வந்து படுத்தார்?" என்பார் பாருங்கள், அங்கேதான். எனக்கு அங்கேதான் விழுந்தது.

எனக்கு வந்தவர் ஐம்பது வயது ஆட்டோ ஓட்டுநர். இருபது வருடக் குடி. மூன்று மாதமாக வயிறு வீங்கி, கடைசி ஒரு வாரத்தில் பானை மாதிரி ஆகிவிட்டது, சிறுநீரும் குறைந்துவிட்டது. கண்ணில் லேசான மஞ்சள், மார்பில் சிலந்தி போலச் சிவந்த நரம்புகள், காலில் வீக்கம். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடமே டயக்னோசிஸ் கிடைத்துவிட்ட திமிரில் இருந்தேன்.

பரிசோதனை நன்றாகவே போனது. ஷிஃப்டிங் டல்னெஸ் பார்க்கும்போது பலர் செய்யும் தவறு, ஆளைத் திருப்பிய உடனே தட்டுவது. மந்தமாகக் கேட்ட இடத்தில் விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாகத் திருப்பி, நீர் இறங்க அரை நிமிடமாவது விட்டு, அப்புறம் தட்டுங்கள். ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் இருந்தால்தான் இது நம்பும்படி கிடைக்கும். வயிற்றில் புடைத்த நரம்பு தெரிந்தால், தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் வழித்து ரத்தம் எந்தப் பக்கம் நிரம்புகிறது என்று பாருங்கள். போர்ட்டல் அழுத்தம் என்றால் கீழ்நோக்கி ஓடும், கீழ்ப் பெருஞ்சிரை அடைப்பு என்றால் மேல்நோக்கி. தொப்புளுக்கு மேலே பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே மேல்நோக்கித்தான் ஓடும். மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே மூன்று செ.மீ. இருந்தது. நீர் நிறைந்த வயிற்றில் மெதுவாகத் தடவினால் அது அகப்படாது. விரல் நுனிகளைச் சட்டென்று உள்ளே அமுக்கிப் பாருங்கள், நீர் விலகி மண்ணீரல் விரலில் வந்து இடிக்கும்.

கழுத்து நரம்பை மறக்காதீர்கள். ஜே.வி.பி. ஏறியிருந்தால் கதை கல்லீரலில் இல்லை, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் இருக்கலாம். எங்கள் பேட்ச்சில் ஒருவன் இதை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத்தான் டாக்டர் ஆனான்.

நீர் கல்லீரலிலிருந்துதான் என்று எப்படிச் சொல்வாய் என்று எக்ஸாமினர் கேட்டார். "சாக்" என்றேன். ரத்த ஆல்புமினிலிருந்து வயிற்று நீரின் ஆல்புமினைக் கழிக்க வேண்டும், வகுக்கக் கூடாது. இரண்டு சாம்பிளும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். இவருக்கு 2.3, 0.7. வித்தியாசம் 1.6. 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் போர்ட்டல் அழுத்தம். இதய நோயிலும் இது உயரும் என்பதால் நீரின் மொத்தப் புரதத்தையும் பார்க்க வேண்டும். இவருக்கு அது 1.2. 2.5-க்குக் கீழே இருப்பதால் சிரோசிஸ் பக்கம் சாய்கிறது. எக்ஸாமினர் தலையாட்டினார்.

அப்புறம் கேட்டார்: "வயிற்று நீரில் கிருமி உண்டா?"

"இல்லை சார். காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை."

அவர் எதுவும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டி அன்று காலை வந்த ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். மொத்தச் செல்கள் 800, அதில் பாலிமார்ஃப் 60 சதவீதம். "பெருக்கு" என்றார். 480. கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் பாலிமார்ஃப் இருந்தால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கல்ச்சர் வரக் காத்திருக்காமல் மருந்து தொடங்க வேண்டும். வயிற்று நீரில் கிருமி தொற்றும் இந்தப் பெரிடோனைட்டிஸில் கணிசமான பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அதனால்தான் அசைட்டிஸுடன் அட்மிட் ஆகும் ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பது. கல்ச்சருக்கு நீரைச் சாதா பாட்டிலில் லேபுக்கு அனுப்பாமல், படுக்கையருகிலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றுங்கள். கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் வேறு வழியில் பல நேரம் முளைக்காது.

(சீக்கான ஆளைப் பரீட்சைக்கு வைப்பார்களா என்று கமெண்டில் வருவீர்கள். முந்தின இரவு அட்மிட் ஆனவர், காலையில்தான் ரிப்போர்ட் வந்தது, மருந்தும் தொடங்கியாயிற்று. நானே கண்டித்திருக்க வேண்டும்தான். அன்று எனக்கு என் பாஸ்தான் பெரிதாக இருந்தது.)

அடுத்த அடி. "சிகிச்சை?" "சால்ட் குறைப்பு, ஸ்பைரனோலாக்டோன் 100, ஃபுரோஸமைடு 40 சார்." மனப்பாடம். "கிரியாட்டினின் பார்த்தாயா?" 1.9. சிறுநீரும் குறைந்த மனிதருக்கு நீர் மாத்திரை எழுதியிருக்கிறேன்.

எக்ஸாமினர் நோயாளியிடமே திரும்பினார். "ஐயா, வேற என்ன மாத்திரை போட்டீங்க?" அவர் தலையணைக்கடியில் கைவிட்டு ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தார். டைக்ளோஃபெனாக். பத்தில் இரண்டுதான் மிச்சம். "முதுகுவலிக்கு மெடிக்கல்ல வாங்குனது சார். தம்பி கேக்கவே இல்லையே."

கேட்டேன்தான். "வேறு ஏதாவது நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டேன். முதுகுவலி நோயா என்ன அவருக்கு?

இதை மட்டும் புரிந்துகொண்டு போனால் போதும். சிரோசிஸில் குடலைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்குகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்ததாகத் தோன்ற, அது உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அந்த நெருக்கடியில் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதைத்தான் நிறுத்துகிறது. மேலே கிருமியும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும்.

எக்ஸாமினர் எதிர்பார்த்தது இதுதான்: டைக்ளோஃபெனாக்கும் நீர் மாத்திரையும் நிறுத்தம், செஃபோடாக்சிம், கூடவே ஆல்புமின். முதல் நாள் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம். அறுபது கிலோ ஆளுக்கு முதல் நாள் 90 கிராம். 20 சதவீத 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம்தான், அதாவது நாலரை பாட்டில். விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அதுதான், 1999-ல் வந்த ஆய்விலிருந்து தெரிந்த விஷயம். மருத்துவமனையிலேயே தொற்றிய கிருமி என்றால் செஃபோடாக்சிம் போதாமல் போகலாம், அதையும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்று: வார்டில் நோயாளியைத் தொட்டுப் பார்த்த நேரத்தைவிட, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கல்லீரல் வரைந்து கையெழுத்துக்கு வாசலில் நின்ற நேரம்தான் எனக்கு அதிகம். மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கேட்டு வாங்கிப் பார் என்று அந்த நோட்டில் எங்கேயும் இல்லை.

பாஸ் ஆனேன், மார்ஜினில். இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு வார்டுக்குப் போனேன். பாலிமார்ஃப் 110-க்கு இறங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும், "தம்பி, அன்னிக்கு நான் ஸ்ட்ரிப்பக் காட்டினதால மார்க்கு போச்சா?" என்றார்.