சீசனுக்கு ஆள் எடுப்பதா, ஓவர்டைம் ஓட்டுவதா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கத்தில் சின்னதாக ஒரு மாங்கூழ் தொழிற்சாலை நடத்துகிறேன். பழைய ஆட்கள் 40 பேர். மே 20-லிருந்து ஜூலை பாதி வரை பழம் வந்து குவியும்போது கை போதவில்லை. கூழ் மெஷின் காலியாகச் சுற்றுகிறது, பெல்ட்டில் பழம் தேர்ந்து வெட்டி வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. இருக்கிறவர்களையே தினம் 2 மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் இரட்டைக் கூலி ஆகிறது. மேஸ்திரி மூலம் 10 பேரை எடுத்தால் ஒற்றைக் கூலிதான் என்கிறார் எங்கள் கணக்கர். ஆனால் போன வருடம் அப்படி எடுத்தபோது கரும்புள்ளி அதிகம் என்று ஒரு லோடுக்கு விலையைக் குறைத்துவிட்டார்கள். எது சரி?

பதில்: மெஷின் காலியாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதிவிட்டதால் பாதி வேலை மிச்சம். தடை மெஷினில் இருந்திருந்தால், அதாவது அது மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் தின்னாது என்ற நிலை இருந்திருந்தால், எத்தனை பேரை நிறுத்தினாலும் அதே இரண்டு டன்தான் வரும், நேரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. உங்களுக்கு அடைப்பு கையில் இருக்கிறது. அதனால் இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது.

கணக்கருக்கு முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். நாள் கூலி 480, மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கூலி வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது நாளுக்குக் கூடுதலாக 80 மணி நேர உழைப்பு. ஓவர்டைம் என்றால் மணிக்கு 120, ஆக 9,600. நாற்பது பேருக்கு 30 ரூபாய் வீதம் டிபன் 1,200. மொத்தம் 10,800. ஓவர்டைம் கூலி பி.எஃப். கணக்கிலும் போனஸ் கணக்கிலும் சேராது. ஆகவே இரட்டைக் கூலி பார்வைக்குத் தெரியும் அளவுக்குக் கனமானது இல்லை.

புது ஆளின் கூலிதான் பார்வைக்கு லேசாகத் தெரிகிறது. 480-உடன் உங்கள் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்ந்து 78 ரூபாய் கூடும். ஒரு நாள் வேலைக்கு வந்தவருக்கும் இது உண்டு, மேஸ்திரி கட்டாமல் விட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் வந்து விழும். அப்புறம் மேஸ்திரி கமிஷன், வேன், சாப்பாடு, டீ. எல்லாம் சேர்த்தால் 666 ஆகிவிடுகிறது. முப்பது நாள் வேலை செய்துவிட்டால் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் தர வேண்டும், அது நாளுக்கு இன்னொரு 40. உணவுத் தொழில் என்பதால் உடல்தகுதிச் சான்றிதழ், டைபாய்டு ஊசி, தொப்பி, ஏப்ரன், கையுறை, பூட்ஸ் என்று ஒருவரை உள்ளே விட ஒரு தடவைச் செலவு ஏறக்குறைய 1,500 ஆகும்.

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. முதல் ஆறு நாளில் புது ஆள் பாதி வேலைதான் செய்வார், அடுத்த ஆறு நாளில் முக்கால். ஆக பன்னிரண்டு நாள் கூலி கொடுத்து நாலரை நாள் வேலையை இழக்கிறீர்கள். அதே ஆள் சீசனின் 50 நாளும் இருந்தால் இந்த இழப்பு கரைந்துவிடும். பத்துக்குப் பதில் 11 பேர் போதும், நாளுக்கு சுமார் 8,100 ரூபாய்தான் செலவு. ஓவர்டைமைவிட 2,700 லாபம். ஆனால் வருகிறவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நாளில் போய்விட்டால் அதே 80 மணி நேர வேலையைப் பிடிக்க 16 பேர் வேண்டும், செலவு 12,650-ஐத் தொடும். இரண்டு வழியும் ஒன்றாக நிற்பது ஏறத்தாழ 15 நாளில். அதாவது உங்கள் கேள்விக்கு விடை கூலி விகிதத்தில் இல்லை, போன வருட மஸ்டர் ரோலில் இருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு தற்காலிக ஆளும் எத்தனை நாள் வந்தார் என்று எண்ணிப் பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் பெண்கள் நின்றுபோன இடைவெளியும், சம்பளம் போட்ட சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலியான கட்டங்களும் அதில் தெரியும்.

போனஸைத் தப்பிக்க 29-ஆம் நாளில் ஆளை மாற்றச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். 50 நாளுக்கு போனஸ் 2,000 ரூபாய்தான் வரும். புது ஆளைக் கொண்டுவந்தால் 1,500-உம் நாலரை நாள் கூலியும் போகும், 4,500 ஆகிவிடும்.

ஓவர்டைமுக்கு வருகிறேன். இதற்குப் பணத்தைவிட நேரத்தில்தான் வரம்பு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு காலாண்டுக்கு 50 மணி நேரம்தான் இருந்தது. அந்தக் காலாண்டு ஏப்ரல் 1, ஜூலை 1 என்று தொடங்கும், உங்கள் சீசன் தொடங்கும் தேதியிலிருந்து அல்ல. மே 20-லிருந்து தினம் 2 மணி நேரம் ஓட்டினால் ஜூன் மூன்றாம் வாரத்திலேயே 50 தீர்ந்துவிடும், ஜூலை முதல் தேதி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேர வேலை, இடைவேளை சேர்த்துப் பத்தரை மணி நேரம் என்பதும் அந்தச் சட்டத்தின் எல்லையாக இருந்தது. காலை 8.30-க்கு ஆரம்பித்தால் அரை மணி நேரச் சாப்பாட்டுடன் சரியாக மாலை 7-க்கு முடிகிறது. இன்னொரு டீ இடைவேளைக்கு இடமில்லை. ஏழைத் தாண்டினால் பெண்களுக்குச் சம்மதம், பாதுகாப்பு, வீடு சேர்க்கும் வண்டி என்று வேறு விதிகள் வரும். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றிலும் இரட்டைக் கூலி அப்படியே இருக்கிறது, தொழிலாளியின் சம்மதம் கட்டாயம், உச்ச வரம்பை அரசின் விதி வைக்கும். பழைய 50-க்குள் நின்றுகொள்வது உங்களுக்குப் பத்திரம்.

இனி கரும்புள்ளி. போன வருட ஆட்களைத் திட்டிப் பயனில்லை, அவர்களை எங்கே நிறுத்தினீர்கள் என்பதுதான் விஷயம். அடைப்பு பெல்ட்டில் என்றதும் புதியவர்களை நேராகப் பெல்ட்டில் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெங்களூரா பழத்தின் காம்புப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தால் அதைச் சீவி எடுக்க வேண்டும், உள்ளே இறங்கியிருந்தால் பழத்தையே தள்ள வேண்டும். அதை அமுக்கிப் பார்த்தே சொல்லும் விரல் இரண்டு சீசன் பார்த்தவருக்குத்தான் வரும். புதியவர் சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுவார், ஏனென்றால் பெல்ட் நிற்பதில்லை. அந்த ஒரு பழம் சல்லடையைத் தாண்டித் துகளாகிக் கூழ் முழுக்கப் பரவும். 215 கிலோ டிரம் 80 கொண்ட ஒரு கன்டெய்னரில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் பிடித்தால் 86,000 ரூபாய். ஆள் எடுத்ததில் நாளுக்கு மிச்சமாகும் 2,700-ஐ 32 நாள் சேர்த்தால்தான் அது வரும்.

ஓவர்டைமும் தூய்மையானதல்ல. நான் மேற்பார்வையாளராக இருந்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) பெல்ட் ஓரம் வைத்திருந்த கழிவு வாளியை மணிக்கொரு தடவை எடைபோடச் சொன்னேன். காலையில் 40 கிலோ வந்த வாளி, மாலை 5 மணிக்குப் பிறகு 22, 20 என்று இறங்கியது. பழம் நன்றாக வருகிறது என்று முதலாளி சந்தோஷப்பட்டார். லாரி அதே தோட்டத்து லாரிதான், காலையில் இறக்கிய அதே லோடு. கண் ஓய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் எண்ணி வைத்த 50 கெட்ட பழத்தை மாலை 6 மணிக்குப் பெல்ட்டில் விட்டு, மெஷின் வாயருகே ஒருவரை நிறுத்திப் பிடிக்கச் சொன்னோம். பதினேழு தப்பி வந்தன. காலையில் அதே சோதனையில் தப்பியவை நான்கு.

ஆகவே நான் செய்வது இப்படி. எடுக்கும் 11 பேரையும் பெல்ட்டில் நிறுத்த மாட்டேன். லாரி இறக்குவது, கிரேட்டு கழுவுவது, கழுவு தொட்டி, டிரம் உருட்டுவது, கொட்டை வாருவது என்ற வேலைகளில் இப்போது இருக்கும் பழைய ஆட்களில் பத்துப் பேரைப் பெல்ட்டுக்கு மாற்றி, அவர்கள் இடத்தில் புதியவர்களை நிறுத்துவேன். அந்த வேலைகளைக் கற்க ஆறு நாள்கூட வேண்டாம், தவறினால் கூழில் தெரியாது. நிரப்பும் இடத்துக்கும் சோதனைக் கூடத்துக்கும் புதியவரை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப மாட்டேன். பெல்ட்டில் நிற்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சீவும் மேசைக்கு மாற்றுவேன், கண்ணுக்கு அது போதுமான ஓய்வு.

ஓவர்டைமை எடுத்து வைத்திருப்பேன். பழுக்க வைத்த கொட்டகை நிறைந்து, நாளை வரை விட்டால் பழம் குழைந்துவிடும் என்ற நாட்களுக்கு மட்டும் செலவழிப்பேன். அப்படி நாட்கள் சீசனில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது, 50 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அன்றும் வாளி எடை காலையின் பாதிக்கு வந்துவிட்டால் பெல்ட்டை நிறுத்திவிடுவேன். மீதிப் பழத்தை காலையில் அரைக்கலாம்.

மிச்சமாகும் பணத்தில் கடைசி வரை இருக்கிறவருக்கு 2,000 ரூபாய் சீசன் முடிவுத் தொகை என்று முதல் நாளே சொல்லுங்கள். 11 பேருக்கு 22,000 ஆகும். பன்னிரண்டு நாளில் ஆள் ஓடிப்போகும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் நாளுக்கு 4,500 வித்தியாசம் இருப்பதால் ஐந்தாம் நாளில் திரும்பிவிடும். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேராக எடுத்தால் வேனும் ஒன்று போதும், ஒருவர் நிற்பதால் மற்றவரும் நிற்பார். பள்ளிப் பிள்ளைகள் உள்ள பெண்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் வேன் நேரத்தை அரை மணி தள்ளிப் பாருங்கள். நான் அப்படிச் செய்த வருடம் அந்த வாரத்தில் நின்றவர் ஒருவர்தான், அவரும் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால்.