வாய்மொழி உறுதியை எழுத்தில் பெறுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏப்ரல் முதல் நான்தான் டீம் லீட், சம்பளம் 50,000 ரூபாய் என்று மார்ச் மாத அப்ரைசலின்போது மேலாளர் சொன்னார். மூன்று மாதமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். சம்பளச் சீட்டு மட்டும் மாறவில்லை. எழுத்தில் கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகாதா?

ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

நடந்த பேச்சைப் பதிவு செய்து, தவறு இருந்தால் திருத்தும்படி கேட்கும் கடிதத்தில் சந்தேகத்தின் சாயல் இருக்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லும். ஆனால் உங்கள் மேலாளர் நாளை வேறு கிளைக்கு மாறினால், அப்படியொரு பேச்சு நடந்ததற்கு மனிதவளப் பிரிவில் ஒரு தடயமும் இருக்காது. பெரும்பாலும் மேலாளருக்கே மேலிடத்தில் காட்ட ஒரு காகிதம் தேவைப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுதும் முன் அந்த 50,000 எது என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கைக்கு வரும் தொகையை நினைத்திருப்பீர்கள். அவர் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவை, அதாவது சி.டி.சி.யை, சொல்லியிருக்கலாம். அதில் பாதி, 25,000, அடிப்படைச் சம்பளம் என்றும் அது முழுவதற்கும் பி.எஃப். உண்டு என்றும் வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் 12 சதவீதப் பங்கான 3,000 ரூபாயும், பணிக்கொடைக்கென்று ஒதுக்கும் சுமார் 1,200 ரூபாயும் முதலிலேயே கழிந்துவிடும்; உங்கள் பங்கு 3,000 ரூபாயும் போனால், தொழில்வரிக்கும் வருமான வரிக்கும் முன்பே கைக்கு வருவது ஏறக்குறைய 42,800தான். பிற்பாடு வரும் மனத்தாங்கல்களில் பல, ஏமாற்று எதுவும் இல்லாமலே, இந்த இடைவெளியில் பிறப்பவை.

ஆகவே அலுவலக மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, மார்ச் மாத அப்ரைசலில் தாங்கள் தெரிவித்தபடி, ஏப்ரல் 1 முதல் டீம் லீட் பொறுப்பை ஏற்றுச் செயல்பட்டு வருகிறேன். அதற்கான மாதச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன், 50,000 ரூபாய் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இதில் மாற்றம் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். பதவிப் பெயர், நடைமுறைக்கு வரும் தேதி, சம்பளப் பிரிவுகள், ஏப்ரல் முதலான நிலுவைத் தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, திருத்தப்பட்ட ஆணையை மனிதவளப் பிரிவின் மூலம் வழங்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். குறிப்பாக, 'பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வேன்' என்று எழுதாதீர்கள். அது எரிச்சலூட்டும், மௌனமும் பொதுவாகச் சம்மதமாகிவிடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக, மனிதவளப் பிரிவுக்கும் நகல் வைத்து நினைவூட்டுங்கள். மேலாளர் வாட்ஸப்பில் 'ஓகே' என்று அனுப்பினால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் சம்பளப் பட்டியலை மாற்றுவது மனிதவளப் பிரிவின் ஆணைதான்.

ஆணை கைக்கு வந்ததும் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். பதவி உயர்வோடு சேர்த்து நோட்டீஸ் காலத்தை 30 நாளிலிருந்து 90 நாளாக்கும் நிறுவனங்கள் உண்டு.