ஏஜென்ட் நீட்டும் புரோநோட்

வக்கீல் சார், போலந்தில் கிடங்கு வேலை, மாதம் 90,000 ரூபாய் என்று சொல்லி திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்காரர் என்னிடம் 3,80,000 ரூபாய் வாங்கினார். 2023 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று தவணை. 1,50,000 அவர் நிறுவனக் கணக்கில், 1,80,000 கையில், 50,000 அவர் மனைவியின் ஜிபே எண்ணில். மனைவி நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். என் பேச்சை நம்பி மைத்துனரும் 2,00,000 என் கணக்குக்கு அனுப்ப, அதை நான் ஏஜென்டுக்கு அனுப்பினேன். அப்போது போக்குவரத்துச் செலவுக்கு என்று 10,000 எனக்குத் திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் அந்த போலந்து கம்பெனிக்கே மெயில் போட்டேன். அப்படி ஒரு வேலையே இல்லை, அந்த ஆஃபர் லெட்டர் எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. ஏஜென்ட் கேவலமாகத் திட்டினார். "நான் நடுவில் நின்றவன், டெல்லிக்காரனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டேன், அவனைக் கேள்" என்றார். இப்போது 1,50,000 தருகிறேன், மீதி 2,30,000-க்கு புரோநோட் எழுதித் தருகிறேன், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார். எனக்குப் பணத்தைவிட அவரை உள்ளே தள்ளணும். என்ன செய்யலாம்?

— வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

நகை, வசவு, மானம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமானது ஒரே வரி: போலந்து கம்பெனி அனுப்பிய அந்த மெயில்.

"நான் நடுவில் நின்றவன்" என்பது ஏஜென்டுகள் எல்லோரும் சொல்வது. பாதி உண்மையும் உண்டு. நிஜமான முதலாளிக்காக வேலை பார்த்த ஏஜென்ட் பொதுவாகச் சொந்தமாகக் கடன்படுவதில்லை, முதலாளியைத்தான் கேட்கவேண்டும். ஆனால் அதற்கு முதலில் முதலாளி என்று ஒருவர் இருக்கவேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 235-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. இன்னாருடைய ஏஜென்ட் என்று பொய்யாகச் சொல்லி ஒருவர் உங்களை இழுத்துவிட்டால், அந்த இன்னார் அதை ஏற்றுக்கொள்ளாத பட்சத்தில், உங்கள் நஷ்டத்தை ஏஜென்டே கட்டவேண்டும். கம்பெனி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு உங்கள் மெயிலே சாட்சி. டெல்லிக்காரன் யார், பணம் எங்கே போனது என்பதெல்லாம் அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. மெயிலை அழித்துவிடாதீர்கள், பிரின்ட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் போட்டுத் தாக்கல் செய்ய, அசல் இன்பாக்ஸில் இருக்கவேண்டும்.

இன்னொன்று. அந்தக் கன்சல்டன்சியின் பெயர் emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடிபெயர்வுச் சட்டம், 1983-இன் 10-ஆம் பிரிவுப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே அவருக்கு உரிமை கிடையாது. பதிவு இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஆக அவர் வாங்கியதில் பெரும்பகுதி எப்படிப் பார்த்தாலும் வாங்கக்கூடாத பணம். "நீயும் தெரிந்துதானே கொடுத்தாய்" என்று அவர் வக்கீல் கேட்பார். கவலைப்படவேண்டாம், சட்டம் தடுப்பது வாங்குபவரை. உங்களைப் போன்றவரைக் காக்க வந்த சட்டத்தை உங்களுக்கே எதிராகத் திருப்பமுடியாது.

சரி, உங்கள் பக்கம் வழக்கு இருக்கிறது. அது கெட்டுப்போகும் இடம் அந்த புரோநோட். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

கடையில் விற்கும் அச்சடித்த புரோநோட்டை எடுத்துப் பாருங்கள். "எனது குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் ரொக்கமாகக் கைமாற்றுப் பெற்றுக்கொண்ட தொகை" என்ற மாதிரிதான் இருக்கும். அதில் பெயரையும் தொகையையும் நிரப்பி, ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு நீட்டுவார். நீங்களும் கையில் ஒரு பிடி கிடைத்ததே என்று வாங்கிக்கொள்வீர்கள். அந்த நொடியில் போலந்து காணாமல் போய்விடுகிறது. நேற்றுவரை வேலை என்று ஏமாற்றப்பட்டவர் நீங்கள். இன்றைக்கு அவருக்குக் கடன் கொடுத்தவர்.

ஒப்பந்தச் சட்டம் 62-ஆம் பிரிவு இருக்கிறது: பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதை ஒப்புக்கொண்டால், பழையதை நிறைவேற்றவேண்டியதில்லை. அவர் கையெழுத்துக் கேட்கும் அந்த இன்னொரு பேப்பரில் "முந்தைய கொடுக்கல் வாங்கல் அனைத்தும் இத்துடன் தீர்ந்தது" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 235-ஆம் பிரிவு உங்கள் கையை விட்டுப் போகும். ஜிபேயில் 50,000 வாங்கிய மனைவியையும் பிடிக்கமுடியாது, ஏனென்றால் புரோநோட்டில் அவர் கையெழுத்து இல்லை. நுகர்வோர் ஆணையம் போனால், கடன் கொடுத்தவர் நுகர்வோர் இல்லை என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் இன்ஸ்பெக்டர் புரோநோட்டைப் படித்துவிட்டு "இது சிவில் மேட்டர்" என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, பேப்பர் அப்படித்தான் சொல்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெயின்டர் கதை இது. சிங்கப்பூர் வேலைக்குக் கொடுத்த பணத்துக்குப் புரோநோட் வாங்கியிருந்தார். ஏஜென்ட் தாராளமாக நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று தானே எழுதிக் கொடுத்திருந்தார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டோம். பதிலுக்கு ஏஜென்ட், இவர் கந்துவட்டிக்காரர், நான் கடனாளி என்று 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார். எம்.டி.எஃப். போர்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனிதர், தான் வட்டிக்கு விடுபவன் இல்லை என்று நிரூபிக்க ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அசலில் பாதிக்குச் சமாதானம் ஆனார். புரோநோட் கெட்ட பேப்பர் என்று சொல்லவில்லை. நிஜமாகக் கடன் கொடுத்தவருக்கு அதைப் போல நல்ல ஆவணம் கிடையாது. உங்கள் கதைக்கு அது வேறொருவர் சட்டை.

அதற்குப் பதில் ஒப்புகைக் கடிதம் கேளுங்கள். இப்படி இருக்கட்டும்: "போலந்து வேலைக்காக இன்னாரிடம் இன்ன தேதிகளில் 3,80,000 ரூபாய் நானும் என் மனைவியும் பெற்றோம். அந்த வேலை அமையவில்லை. இன்று 1,50,000 திருப்பிக் கொடுத்தேன். மீதி 2,30,000-ஐ இன்ன தேதிக்குள் கொடுப்பேன்." கணவன் மனைவி இருவரும் கையெழுத்து, தேதியோடு. ரொக்கமாகக் கொடுத்த 1,80,000-க்கு உங்களிடம் ரசீது இல்லை போலிருக்கிறது, அந்த ஓட்டையும் இதில் அடைபடும். காலவரைச் சட்டம் 18-ஆம் பிரிவுப்படி, காலக்கெடு முடிவதற்குள் இப்படி எழுதி வாங்கினால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று வருஷம் புதிதாகக் கிடைக்கும்.

காலக்கெடு என்றதும் நினைவுக்கு வருவது. போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன், அது நடக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. போலீஸ் புகார் சிவில் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. மோசடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் மூன்று வருஷம் என்று 17-ஆம் பிரிவை வைத்து வாதாடலாம், உங்களுக்கு அது 2027 பிப்ரவரி வரை வரும். நான் அதை நம்பமாட்டேன். முதல் தவணை கொடுத்த 2023 ஜூனிலிருந்து எண்ணி, 2026 ஜூனுக்குள் ஒன்று ஒப்புகை வாங்குங்கள், இல்லை வழக்குத் தாக்கல் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டே வருஷம், கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினாலே 2026 பிப்ரவரிதான்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த 10,000.

போக்குவரத்துச் செலவுக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். ஏஜென்ட் அதைக் கமிஷன் என்பார். "இவர் என் சப்-ஏஜென்ட், மைத்துனரைக் கொண்டுவந்தவர் இவர், பணம் வந்ததும் இவர் கணக்கில்தான்" என்று இரண்டு பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டுவார். மைத்துனர் நாளை வழக்குப் போட்டால் முதல் பிரதிவாதி நீங்கள், ஏனென்றால் அவர் பணம் கொடுத்தது உங்களிடம். பதிவில்லாமல் ஆள் பிடித்த குற்றமும் குடிபெயர்வுச் சட்டப்படி உங்கள் பக்கம் திரும்பலாம், 24-ஆம் பிரிவில் இரண்டு வருஷம்வரை சிறை. "அவரை உள்ளே தள்ளணும்" என்கிறீர்கள். புகாரில் மைத்துனர் பணத்தைப் பற்றி எழுதும்போது பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்காரவேண்டி வரலாம்.

அதனால் நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். வழக்குப் போட்டால் 3,80,000-க்கு மூன்று சதவீதம், 11,400 ரூபாய் கோர்ட் ஃபீஸ். பணத்தைக் கொடு என்று கோர்ட் டிகிரி வாங்கலாம். வாங்கிய பிறகு, வீடு மனைவி பெயரில், கார் மச்சான் பெயரில், அலுவலகம் வாடகை என்று தெரியவரும். நிறைவேற்று மனுவிலேயே இன்னும் சில வருஷம் ஓடும். அவர் பணம் தருகிறேன் என்று வாயைத் திறந்திருக்கும் நேரம்தான் உங்கள் பலம்.

ஆனால் சமாதானத்தை ஸ்டேஷன் மேஜையிலோ அவர் அலுவலகத்திலோ எழுதாதீர்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து லோக் அதாலத்தில் தீர்வு வாங்குங்கள். கட்டணம் கிடையாது. அந்தத் தீர்வு சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஏஜென்ட், அவர் மனைவி, நீங்கள், மைத்துனர் நால்வரும் அதில் கட்சிக்காரர்களாக இருக்கவேண்டும். மொத்தம் அவர் வாங்கியது 5,80,000, அதில் உங்களுக்கு வந்த 10,000-ஐ வெளிப்படையாகக் கழித்துக் காட்டுங்கள். மறைத்தால்தான் அது கமிஷன் ஆகும். வட்டியையும் மன உளைச்சலையும் விட்டுக்கொடுங்கள். உங்கள் பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது மைத்துனர் தொகை முழுசாக வரும்படி பாருங்கள், அவர் வாய் மூடியிருப்பது உங்களுக்கு அந்த வித்தியாசத்தைவிடப் பெரிது. ஒரு தவணை தவறினால் விட்டுக்கொடுத்தது எல்லாம் ரத்து, முழுத் தொகையும் வட்டியோடு உடனே தரவேண்டும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் தவணையோடு மனிதர் போன் நம்பரை மாற்றிவிடுவார்.

"புகார் கொடுக்கமாட்டேன்" என்று எங்கும் எழுதிக் கொடுக்கவேண்டாம். குற்ற வழக்கை அமுக்குவதற்குப் பணம் என்று இருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று பிறகு அவரே சொல்லக்கூடும். வேலைக்காக வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறார் என்பதோடு நிற்கட்டும்.

முதல் தொகையை டிடியாகவோ நெஃப்டாகவோ, தீர்வில் கையெழுத்தாகும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பின்தேதி செக் என்றால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.