மீன் தலை யாருக்கு? – கடிதம்

ஐயா,

அடுத்த மாதம் பாண்டியில் தங்கையின் கல்யாண வரவேற்பு. மைக்கில் நாலு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமியார் ஜோக்கும் பூரிக்கட்டை ஜோக்கும்தான். போன கல்யாணத்தில் சொன்னபோது பெரியவர்கள் மட்டும் சிரித்தார்கள், அதுவும் மரியாதைக்கு. இப்போதெல்லாம் எல்லோருக்கும் சட்டென்று மனம் புண்படுகிறது. யாரும் கோபித்துக்கொள்ளாத நாலு ஜோக் அனுப்புவீர்களா?

எஸ்., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள எஸ்.,

மனம் புண்படுவதை விடுங்கள். அவர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். பூரிக்கட்டை என்று நீங்கள் வாயெடுத்ததுமே முடிவு கடைசி வரிசை வரை தெரிந்துவிடுகிறது.

'மாமியார் ஊருக்குப் போனால் எனக்குத் தீபாவளி.' இதில் மாமியாரை எடுத்துவிட்டு மேனேஜரைப் போடுங்கள், அப்படியே நிற்கும். வீட்டு ஓனரைப் போடுங்கள், அதுவும் நிற்கும். ஆக, அந்த ஜோக்கில் மாமியார் என்று யாரும் இல்லை. பிடிக்காத ஆள் ஒருவர் தேவைப்பட்டது, அவர் தலையில் கட்டிவிட்டீர்கள். சோம்பேறித்தனம்.

நம் வீடுகளில் கேலி இல்லாமலா இருந்தது? நலுங்கில் சம்பந்தியை ஏசிப் பாடுவார்கள். ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்களும் எதிர்ப்பாட்டு வைத்திருப்பார்கள். யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கும் முறை உண்டு. மச்சானை வாரலாம், மாமனாரை வாரக் கூடாது. ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940-இல் இந்தக் கேலி முறை பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் கையிலோ ஒற்றை மைக். கீழே முதல் வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. அந்த இடத்தை ஜோக்குக்குள்ளேயே நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

எப்படி என்று ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். ஆளின் குணத்தைத் தேடாதீர்கள். அந்த உறவில் மட்டும் நடக்கிற ஒரு வழக்கத்தைத் தேடுங்கள். மாப்பிள்ளை வந்தால் கொடுவா மீன் குழம்பு, தலை அவர் இலைக்கு. அது மரியாதை. அந்த மாப்பிள்ளைக்கோ மீன் தலை ஆகாது. இப்போது சொல்லிப் பாருங்கள்:

"எங்க மாமா கல்யாணமாகி கடலூருக்கு எப்ப வந்தாலும் கொடுவா குழம்பு. தலை மாப்பிள்ளைக்கு. அவருக்குத் தலையே பிடிக்காது. மாமியார் வச்சதாச்சேன்னு பன்னிரண்டு வருஷம் தின்னாரு. மாமியார் வால் துண்டோட சாப்பிட்டாங்க. ஒருநாள் பேத்தி கேட்டா, 'ஆயா, உனக்கு எந்தத் துண்டு பிடிக்கும்?' ஆயா சொன்னாங்க, 'தலை.'"

மேனேஜரை இங்கே போட்டுப் பாருங்கள், கதையே இடிந்துவிடும். இதில் கெட்டவர் யாருமில்லை. மரியாதை இரண்டு பேரையும் பன்னிரண்டு வருஷம் பட்டினி போட்டிருக்கிறது. கடைசிச் சொல்லும் மாமியாருடையது.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் பெரும்பாலானவர்கள் கவிழ்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். பேச்சு வேகத்தில் "ஆயா, தலைதான் பிடிக்கும்னு சொன்னாங்க" என்று வந்துவிடும். கூட்டம் 'தலை'யில் சிரிக்க வாயைத் திறக்கும்போது நீங்கள் இன்னும் 'பிடிக்கும்னு சொன்னாங்க' என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். சிரிப்பு பாதியில் நின்று, நீங்கள் முடித்த பிறகு ஒப்புக்கு வரும். 'சொன்னாங்க'வை முன்னால் தள்ளுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். 'தலை' என்று சொல்லி வாயை மூடுங்கள். அதற்குப் பிறகு, "பாத்தீங்களா, ரெண்டு பேருமே விட்டுக்கொடுத்து..." என்று விளக்கம் சொன்னீர்களோ, போச்சு. வீட்டில் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எட்டாவது தடவையிலும் 'னு சொன்னாங்க' ஒட்டிக்கொண்டு வரும், பாருங்கள்.

வெறும் 'மீன்' என்று சொல்லாமல் கொடுவா என்றே சொல்லுங்கள். கடலூர்க்காரனுக்கு அந்தத் தலையின் பருமன் கண்ணில் வர வேண்டும், அப்போதுதான் அதை விட்டுக்கொடுத்ததன் கனம் புரியும். ஆயா பேசும் இடத்தில் மூக்கால் இழுத்துக் குரல் மாற்றாதீர்கள். கூட்டம் குரலுக்குச் சிரித்துவிடும், முடிவுக்குச் சிரிப்பு மிச்சமிருக்காது. முடிவுக்கு முன்னாலேயே சிரிப்புச் சத்தம் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொடுமைக்கார மாமியாரும் அந்தக் குரல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடுவார்.

நாலு கேட்டீர்கள், ஒன்றுதான் கொடுத்திருக்கிறேன். மிச்சத்தை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் தேடுங்கள். ஆனால் முதலில் மாப்பிள்ளை வீட்டார் சைவமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள் தம்பி. சைவமென்றால் வேறு வழக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும். அவசரத்தில் கொடுவாவை எடுத்துவிட்டு முருங்கைக்காயைப் போட்டுவிடாதீர்கள். முருங்கைக்காயில் தலை எது, வால் எது?