முழுக் கட்டு என்றால் எத்தனை சீட்டு? கஞ்சிஃபா என்னும் பழைய வகைச் சீட்டுக்கட்டு வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் கையால் வரைந்த வட்டச் சீட்டு வாங்கினேன். 52 சீட்டு, ஆட்டின், இஸ்பேடு எல்லாம் இருக்கிறது. இதுதானே பழைய கஞ்சிஃபா?

பதில்: இல்லை. நம் வழக்கமான சீட்டுக்கட்டையே வட்டமாக வெட்டி வரைந்திருக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அங்கே அதையும் செய்து விற்கிறார்கள். நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கஞ்சிஃபாவில் ராணி கிடையாது, ஜாக்கியும் கிடையாது. ஒவ்வொரு இனத்திலும் ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை என 12 சீட்டு. முகலாயக் கட்டில் கிரீடம், வாள், அடிமை, யாழ் என்று எட்டு இனம், மொத்தம் 96. தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு ஒன்றாகப் பத்து இனம், 120.

கேள்வி: தசாவதாரக் கட்டோடு வந்த விதித்தாளில் சில இனங்களில் பத்து பெரியது, சிலவற்றில் ஒன்று பெரியது என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா? கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: பாவம் கடைக்காரர், விட்டுவிடுங்கள். ஆட்டமே அப்படித்தான். எந்த இனமானாலும் ராஜா முதல், மந்திரி அடுத்தது. அதற்குக் கீழேதான் பிரிகிறது. மகாராஷ்டிர வழக்கில் மச்சம் முதல் வாமனம் வரை ஐந்து இனங்களில் பத்து உயர்ந்தது, ஒன்று கடைசி. பரசுராமர் முதல் கல்கி வரை தலைகீழ்: மந்திரிக்கு அடுத்து ஒன்று, பத்துதான் மட்டம். அதனால் மீன் பத்து கையில் வந்தால் சந்தோஷப்படலாம், கோடரி பத்து வந்தால் முடியாது. துருப்பும் இல்லை. பகலில் ஆடினால் ராமர் ராஜா வைத்திருப்பவர் தொடங்குவார், இரவென்றால் கிருஷ்ணர். ஒடிசாக் கட்டுகளில் இனங்களும் முறையும் வேறு. எனவே கட்டு செய்த ஊரின் விதித்தாளையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழம்பொருள் கடையில் தசாவதாரக் கட்டு வாங்கினேன். பில்லில் ‘முழு செட்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டில் எண்ணினால் 113. கடைக்காரர் ‘பழையது அப்படித்தான்’ என்கிறார்.

பதில்: பழையது அப்படி இருக்கலாம், பில் அப்படி இருக்கக் கூடாது. முதலில் சீட்டுகளைப் பின்னணி நிறப்படி தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம் இருக்கும், பத்து வரிசை வரும். வட்டச் சீட்டில் மூலை இல்லை, மூலையில் எண்ணும் இல்லை. வரைந்திருக்கும் மீனையோ ஆமையையோ எண்ணித்தான் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். காணாத ஏழும் ராஜாக்களாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஏனென்றால் கட்டை உடைத்து, அவதாரம் உட்கார்ந்திருக்கும் ராஜா சீட்டுகளை மட்டும் சட்டம் போட்டுச் சுவருக்கு விற்கிறார்கள். மிச்சத்தை ‘அபூர்வக் கட்டு’ என்று உங்கள் தலையில் கட்டுகிறார்கள். என் அலமாரியிலும் ராஜா இல்லாத கட்டு ஒன்று தூங்குகிறது, அதனால்தான் இவ்வளவு கோபம். புதிதாக வரைந்து சேர்க்கலாமே என்பார்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், ஆடுவதற்கு ஆகாது. புளியங்கொட்டைப் பசையில் துணியை ஒட்டிச் செய்யும் சீட்டின் தடிப்பும், பின்பக்கச் சாயமும் கட்டுக்குக் கட்டு மாறும். முதுகைப் பார்த்தே எதிராளி உங்கள் ராஜாவைக் கண்டுபிடித்துவிடுவார்.

பில், 113 சீட்டும் தெரிகிற படம், இல்லாதவற்றின் பட்டியல் மூன்றையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வாங்கி 2 ஆண்டுக்குள் புகார் போட வேண்டும்.

கேள்வி: யானைத் தந்தத்தில் செய்த அரண்மனைக் கட்டு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. தந்தம் உண்மையென்றால் வனவிலங்குச் சட்டம், பொய்யென்றால் உங்கள் பணம்.

கேள்வி: இணையத்தில் ஒரே ஒரு ராஜாவின் படம் பார்த்து ஆர்டர் செய்தேன். வந்தது அச்சடித்தது மாதிரி இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு சீட்டைப் பார்த்து 120-க்கும் பணம் கட்டினீர்களா? சரி. மீன் ஒன்பதை எடுங்கள். கையால் வரைந்தால் ஒன்பது மீனும் ஒரே மாதிரி இருக்காது, வாலாவது மாறும். உருப்பெருக்கியில் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. ‘கையால் வரைந்தது’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தால் அதை உடனே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள்.